உங்கள் லாபம் சுவரில் தொங்குகிறது

கேள்வி: அண்ணா, தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி வாசலுக்கு எதிரே மொபைல் ஆக்சஸரிஸ் கவுன்டர் வைத்திருக்கிறேன். போன ஜூனில் 80,000 ரூபாய் சரக்குடன் தொடங்கினேன். இந்த ஏப்ரலோடு பத்து மாதம் ஆகிறது. மாதம் சராசரியாக 70,000 ரூபாய் விற்பனை. 45,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறேன். வாடகை, பையன் சம்பளம், கரண்ட், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 19,000. எனக்கென்று நிற்பது 6,000தான். கல்லூரி நாளில் போன் திரைக்கு மேல் பாதுகாப்புக் கிளாஸ் 15 ஒட்டுவேன், கவர் 4 போகும், கேபிள், சார்ஜர், இயர்போன் என்று 900 ரூபாய்க்கு விற்கும். 20 ரூபாய் கிளாஸை 100 ரூபாய்க்கு ஒட்டியும் ஏன் இப்படி? சரக்கை எண்ணிப் பார்த்தேன்: கவர் 2,000 பீஸ், 1,30,000 ரூபாய், கிளாஸ் 30,000, மற்றவை 60,000. பக்கத்துக் கடையில் 50 ரூபாய்க்கு ஒட்டுகிறார்கள், நானும் குறைக்கவா? மொத்த வியாபாரி ஒருவர் 600 கவர் கொண்ட லாட்டை 24,000 ரூபாய்க்கு, 45 நாள் கடனில் தருகிறேன் என்கிறார். வழக்கமாக 45 ரூபாய்க்கு எடுக்கும் கவர் 40-க்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: லாட்டை எடுக்காதீர்கள், தம்பி. விலையையும் குறைக்காதீர்கள். இரண்டுக்கும் காரணம் நீங்கள் எண்ணி எழுதிய அந்த மூன்று தொகைகளிலேயே இருக்கிறது. சரக்கை எண்ணாமல் கேள்வி கேட்பவர்கள்தான் அதிகம். நீங்கள் எண்ணிவிட்டதால் என் வேலை பாதி முடிந்தது.

முதலில் 6,000 எங்கே போகிறது என்று பார்ப்போம். 80,000 ரூபாய் சரக்கு இப்போது 2,20,000 ஆகியிருக்கிறது. பத்து மாதத்தில் 1,40,000 ஏறியிருக்கிறது, அதாவது மாதம் 14,000. அப்படியென்றால் மாதம் வாங்கும் 45,000 ரூபாய்ச் சரக்கில் உண்மையில் விற்றது 31,000 ரூபாய்ச் சரக்குதான். விற்பனை 70,000-ல் அந்த 31,000-ஐயும் செலவு 19,000-ஐயும் கழித்தால் லாபம் 20,000. நீங்கள் நஷ்டத்தில் இல்லை. மாதம் 20,000 சம்பாதித்து, அதில் 14,000-க்கு மேலும் மேலும் சரக்கு வாங்கி மாட்டி வைத்துவிட்டு, மீதி 6,000-ஐ வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்கள்.

சரக்காக இருந்தாலும் பணம்தானே என்று தோன்றும். அந்தச் சரக்கு கிளாஸாக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். கவராக இருப்பதுதான் சிக்கல்.

இந்தத் தொழிலில் ஒரு பீஸில் எவ்வளவு நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அந்தச் சரக்கில் போட்ட ஒவ்வொரு 100 ரூபாயும் மாதம் எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

கிளாஸ் 20 ரூபாய் என்கிறீர்கள். பத்து பேருக்கு ஒட்டுவதற்குள் ஒன்று தூசி விழுந்தோ ஓரம் உடைந்தோ வீணாகும். இன்னொருவர் மறுநாள் வந்து, ஓரம் தூக்குகிறது, மாற்றிக் கொடுங்கள் என்பார். ஆக, பத்து பேருக்குப் பன்னிரண்டு கிளாஸ். துடைக்கும் ஈரத்தாள், உலர் தாள், தூசி ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3 ரூபாய். அசல் விலை 27 ரூபாய், நிற்பது 73. ஒரு நாளைக்கு 15 என்றால் 1,095 ரூபாய். மாதம் 22 கல்லூரி நாளுக்குச் சுமார் 24,000. அதற்காக நீங்கள் முடக்கியிருப்பது 30,000 ரூபாய். 100 ரூபாய்க்கு மாதம் 80 ரூபாய் வருகிறது.

கவர் 45-க்கு வாங்கி 150-க்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நிற்பது 105, கிளாஸைவிட அதிகம். நாலு கவருக்கு 420, மாதம் 9,240. ஆனால் முடக்கியது 1,30,000. 100 ரூபாய்க்கு மாதம் 7 ரூபாய்தான். மற்ற சாமான்களில் ஒரு நாளைக்கு 150 ரூபாய் நின்றால் பெரிது. மாதம் 3,300 ரூபாய், 60,000 ரூபாய்க்கு. 100-க்கு ஐந்தரை.

இதை வைத்துக் கவரே வேண்டாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. கவர் மாட்ட வருகிற பையன் கிளாஸும் ஒட்டிக்கொண்டு போவான். புதுப் போன் வாங்கியவன் இரண்டையும் ஒரே கடையில்தான் வாங்குவான். கவர் இருக்கட்டும். ஆனால் 2,000 கவர் தேவையில்லை. மாதம் 88 கவர் விற்கும் கடையில் 2,000 கவர் என்பது 22 மாதச் சரக்கு. அதற்குள் பாதி மாடல் மாணவர்கள் கையில் இருக்காது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? விற்கிற கவரின் சராசரி அடக்கம் 45 ரூபாய். தொங்குகிற கவரின் சராசரி அடக்கம் 65 ரூபாய். கறுப்பும் டிரான்ஸ்பரன்டும் போய்விடுகின்றன, ரிங் வைத்ததும் கிளிட்டரும் பிரின்ட் போட்டதும் தங்கிவிடுகின்றன. பார்வைக்கு வாங்குகிறோம், அவர்கள் பாக்கெட்டுக்கு ஏற்றதை எடுக்கிறார்கள். ஒரு மாடலுக்கு நாலு வகை, வகைக்கு மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பீஸ் என்று எடுத்தால் 24 பீஸ். 30 மாடலுக்கு 720 பீஸ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மொத்தக் கடைக்காரர் எடுத்துப் போடும்போது எல்லாமே விற்கும் போலத்தான் தெரியும்.

கிளாஸுக்கும் கவருக்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்குக் காரணம், போனின் முன்பக்கம் பல மாடல்களுக்கு ஒன்றாக இருக்கிறது, பின்பக்கம் அப்படி இல்லை. ஐபோன் எக்ஸ்ஆர் கிளாஸ் ஐபோன் 11-க்கு அப்படியே உட்காரும். ஆனால் எக்ஸ்ஆருக்கு ஒரு கேமரா, 11-க்கு இரண்டு, கவர் சேராது. 13, 13 ப்ரோ, 14 மூன்றுக்கும் ஒரே கிளாஸ் போதும், கவர் தனித்தனியாகத்தான் வேண்டும். ரெட்மி 13சி-க்கு எடுத்த கிளாஸைப் போக்கோ சி65-க்கும் ஒட்டலாம். ஆண்ட்ராய்டில் இப்படி ஜோடி ஜோடியாக நிறைய உண்டு, மொத்தக் கடைகளில் காமன் கிளாஸ் பட்டியலே கொடுப்பார்கள். அதனால் ஒரு மாடல் பழசானாலும் அதன் கிளாஸுக்கு வேறொரு போன் கிடைத்துவிடுகிறது. கவருக்கு அந்த மறுவாழ்வு கிடையாது. அதோடு, ஒரு மாணவன் ஒரு போனுக்குக் கவர் ஒன்றோ இரண்டோ வாங்குவான். கிளாஸ் உடைய உடைய வந்துகொண்டே இருப்பான்.

பட்டியலை மட்டும் நம்பி ஒட்டிவிடாதீர்கள். புது ஜோடி ஒன்றை முதல் தடவை ஒட்டும்போது, அடியில் உள்ள பிலிமை எடுக்காமல் கிளாஸைப் போன் மேல் சும்மா வைத்துப் பாருங்கள். செல்ஃபி கேமரா துளை, இயர்பீஸ் வெட்டு, நாலு ஓரமும் ஒரே இடைவெளி, இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஒட்டுங்கள். திரைக்குள்ளேயே விரல்ரேகை இருக்கும் போனாக இருந்தால், ஒட்டி முடித்ததும் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே ரேகையை அழித்துவிட்டு மறுபடி பதியச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் அனுப்பினால், ரேகை எடுக்கவில்லை என்று மறுநாள் வருவார், ஒரு கிளாஸ் போகும். ஓரம் வளைந்த திரைக்கு யுவி பசை போட்டு ஒட்டும் வேலையை, நன்றாகப் பழகும்வரை தொட வேண்டாம். பசை வழிந்து இயர்பீஸ் வலையிலோ பவர் பட்டனிலோ இறங்கிவிட்டால், நீங்கள் சம்பாதித்த ஒரு வார கிளாஸ் லாபம் அந்த ஒரு போனுக்குப் போய்விடும்.

வீணாகும் கிளாஸுக்கு ஒரு சின்ன நோட்டு வையுங்கள். உடைந்தது, தூசி, திரும்பி வந்தது என்று மூன்று கட்டம் போதும். உங்கள் கடை வாசலில் பஸ் நிற்கும் இடமாக இருந்தால் தூசி கட்டம் வேகமாக நிரம்பும். அப்போது கிளாஸின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒட்டும்போது மேலே ஓடும் ஃபேனை நிறுத்துங்கள், ரோட்டுக்கு முதுகு காட்டி உட்காருங்கள், ஈரத்தாளால் துடைத்து, உலர்த்தி, கடைசியில் ஸ்டிக்கரால் ஒற்றி எடுத்த உடனே கிளாஸை இறக்கிவிடுங்கள். நடுவில் காசு வாங்கக் கை நீட்டினால் அந்த இடைவெளியில் தூசி உட்கார்ந்துவிடும். திரும்பி வந்தது என்ற கட்டம் நிரம்பினால் மட்டும் மொத்தக் கடைக்காரரிடம் பேசுங்கள். அது பசையின் குறையாக இருக்கலாம். வெயில் நேரே அடிக்கும் இடத்தில் நீங்கள் கிளாஸ் கட்டை வைத்திருந்தாலும் இப்படி ஆகும்.

இப்போது பக்கத்துக் கடை 50 ரூபாய்க்கு வருகிறேன். நீங்களும் 50 ஆக்கினால் ஒன்றுக்கு நிற்பது 23. இன்று 15 கிளாஸில் வரும் 1,095 ரூபாயைக் கொண்டுவர 48 கிளாஸ் ஒட்ட வேண்டும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் நாலு மணி நேரம். உங்கள் கூட்டமோ மதிய இடைவேளையிலும் கல்லூரி விடும் நேரத்திலும்தான் வருகிறது. அந்த நேரத்துக்குள் 48 பேரை உங்களாலும் பையனாலும் பார்க்க முடியாது. அவசரத்தில் வீணாவது இரட்டிப்பாகும், 23-ம் நிற்காது.

நான் சொல்வது, ஒட்டும் கூலியைப் பிரித்துக் காட்டுங்கள். கிளாஸ் மட்டும் கையில் வேண்டும் என்றால் 50 ரூபாய். ஒட்டிக் கொடுத்து, ஏழு நாளுக்குள் ஓரம் தூக்கினால் ஒரு தடவை இலவசமாக மாற்றித் தருவது 100 ரூபாய். இதை அட்டையில் எழுதி மாட்டுங்கள். பக்கத்தில் 50 என்கிறார்களே என்று கேட்பவருக்கு 50 ரூபாய்க் கிளாஸைக் கையில் கொடுங்கள். தானே ஒட்டிப் பார்த்து, நடுவில் ஒரு குமிழியோடு வந்து நிற்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு அடுத்த தடவை 100 ரூபாய் பெரிதாகத் தெரியாது. மாற்றித் தரும் செலவு உங்கள் 27-க்குள் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதுவும் கூடாது.

அந்த 24,000 ரூபாய் லாட்டுக்கு வருவோம். நானே மொத்த வியாபாரம் செய்பவன் என்பதால் சொல்கிறேன், ஏப்ரலில் கடனுக்குக் கவர் தள்ளிவிடுவது எங்கள் பக்கம் வழக்கம்தான். கல்லூரி திறக்கும்போது புது மாடல் கவருக்கு கோடவுனில் இடம் வேண்டும், அதற்குப் பழசு வெளியே போக வேண்டும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாக் கடையும் செய்வதுதான். ஆனால் அந்தப் பழசு போய்ச் சேரும் இடம் உங்கள் சுவராக இருக்க வேண்டாம். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஒன்று கேளுங்கள்: மாடலையும் நிறத்தையும் நான் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமா? முடியாது, லாட்டாகத்தான் தருவேன் என்றால் அது மிச்ச சரக்கு.

அது நல்ல சரக்காகவே இருந்தாலும் நாள் கணக்கு ஒத்து வரவில்லை. 600 கவர், உங்கள் வேகத்தில் ஏழு மாதம். 45 நாள் கடன் ஜூன் பிறப்பதற்குள் முடிந்துவிடும். மே முழுக்கக் கல்லூரி மூடியிருக்கும். விற்பனையே இல்லாத மாதத்தின் கடைசியில் 24,000 கட்ட வேண்டும். அதற்குக் கிளாஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தைத்தான் எடுப்பீர்கள். கல்லூரி திறக்கும் வாரத்தில் கிளாஸ் இல்லாத கடையாக நிற்பீர்கள். பீஸுக்கு 5 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மாதம் 24,000 கொண்டுவரும் சரக்கைப் பட்டினி போடுவது சரியில்லை.

அவரிடம் உறவை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே கடனை ஜூனில் கிளாஸுக்கும் கேபிளுக்கும் கேளுங்கள். கவர் எடுத்தால், அறுபது நாளில் விற்காததை வேறு மாடலுக்கு மாற்றித் தருவாரா என்று முன்கூட்டியே பேசுங்கள். பணமாகத் திருப்பித் தர மாட்டார்கள், ஆனால் மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. வாயால் பேசாமல் பில்லின் மேலேயே எழுதி வாங்குங்கள்.

இனி தொங்குகிற 2,000 கவர். ஒரு ஞாயிறு மாலை கடையை அடைத்துவிட்டு எல்லாவற்றையும் இறக்குங்கள். கடந்த மூன்று மாதத்தில் அந்த மாடலில் ஒன்றுகூட விற்கவில்லை என்றால் அது ஒரு குவியல். இதற்குக் கணக்கு நோட்டு இல்லாவிட்டாலும் உங்களுக்கும் பையனுக்கும் ஞாபகம் இருக்கும். டிரான்ஸ்பரன்ட் கவரில் மஞ்சள் ஏறியிருந்தால், எந்த மாடலாக இருந்தாலும் அதே குவியலில் போடுங்கள். அந்தக் குவியல் உங்களுக்கு 65 ரூபாய் அடக்கம் என்பதை மறந்துவிடுங்கள். கொடுத்த பணம் கொடுத்ததுதான். இன்று அதை 40 ரூபாய்க்குக் கொடுத்தால் இரண்டு கிளாஸ் வாங்கலாம், அந்த இரண்டும் நாளைக்கே 200 ரூபாய் கொண்டுவரும். அடுத்த வருடம் வரை காத்திருந்தால் 65-ம் வராது, 40-ம் வராது.

இதற்குத் தேர்வு நடக்கும் இந்த ஏப்ரல்தான் நேரம். கிளாஸ் ஒட்டினால் இந்தப் பெட்டியில் உள்ள எந்தக் கவரும் 40 ரூபாய் என்று கவுன்டர் மேலேயே பெட்டியை வையுங்கள். ஊருக்குப் போகும் பிள்ளைகள் தம்பி, தங்கை, அப்பா போனுக்கும் எடுப்பார்கள். வீட்டில் இருப்பவை பெரும்பாலும் பழைய மாடல் போன்கள், உங்கள் பழைய கவர் பொருந்துவது அவற்றுக்குத்தான். குவியலில் ஆயிரம் இருந்து, 400 போனாலும் 16,000 ரூபாய் ரொக்கம். அதைக் கவரில் திரும்பப் போடாமல் மே மாத வாடகைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இனிமேல் வரும் கவர் பாக்கெட் ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவால் வாங்கிய மாதத்தை எழுதுங்கள். மூன்று மாதம் தாண்டியதை அந்த வாரமே 40 ரூபாய்ப் பெட்டிக்கு மாற்றுங்கள். கவரில் மொத்தமாக முடங்கும் பணம் 35,000-ஐத் தாண்ட வேண்டாம். மாடலுக்குக் கறுப்பு இரண்டு, டிரான்ஸ்பரன்ட் இரண்டு, அவ்வளவு போதும். ஆடம்பர கவர் வேண்டும் என்பவருக்கு மொத்தக் கடையின் படங்களை வாட்ஸ்அப்பில் காட்டி, 50 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, வாரம் ஒரு தடவை ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது எடுத்து வந்து கொடுங்கள். மாதம் இரண்டு பெரிய கொள்முதலைவிட வாரம் ஒரு சின்ன கொள்முதல் உங்களுக்கு நல்லது. மின்சார ரயில் டிக்கெட் செலவு, தவறாக எடுத்த ஒரு கவரின் விலைகூட ஆகாது.

சார்ஜர், இயர்போன் பற்றிச் சுருக்கமாக. இதில் ஆன்லைன் விலையை மாணவன் உங்கள் முன்னாலேயே திறந்து பார்ப்பான், அதனால் கொஞ்சம்தான் நிற்கும். கூடவே வாரன்டி கேட்டு வருவார்கள். அந்த 60,000-ஐ 20,000 ஆக்கிவிடுங்கள். சி-டைப் கேபிளில் நல்லது ஒரே ரகம், அடாப்டர் ஒரு ரகம், பிராண்டட் நெக்பேண்ட் மூன்று நாலு. லைட்னிங் கேபிளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், 2023-ல் ஐபோன் 15 வந்ததிலிருந்து ஆப்பிளும் சி-டைப்புக்கு மாறிவிட்டது. அடாப்டரிலும் பவர் பேங்கிலும் பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். விற்பவர் மேலும் நடவடிக்கை வரும்.

விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 8,40,000 ரூபாய் விற்பனை என்பதால் நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுத்திருக்க வாய்ப்பில்லை, பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வரம்பு 40 லட்சம். அப்படியானால் பில்லில் போடும் 18 சதவீதம் உங்களுக்குத் திரும்பி வராத செலவு. 20 ரூபாய் பிளஸ் ஜிஎஸ்டி என்றால் அது 23 ரூபாய் 60 காசு.

கல்லூரி திறக்கும்போது முதலாண்டு மாணவர்கள் புதுப் போனோடு வருவார்கள். அவர்கள் என்ன போன் வைத்திருப்பார்கள் என்று ஊகித்து முன்கூட்டியே கவர் வாங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் கிளாஸை மட்டும் நிறைய வைத்துக்கொண்டு, கவுன்டருக்கு வரும் ஒவ்வொரு போனின் மாடலையும் நோட்டில் எழுதுங்கள். என்ன கேட்டார், நம்மிடம் இருந்ததா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு பத்துப் பன்னிரண்டு மாடல் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். இல்லை என்று குறித்த இடங்களில் எந்த மாடல் மூன்று தடவைக்கு மேல் வந்திருக்கிறதோ, அதற்கு மட்டும் அந்த வாரம் கவர் எடுங்கள். ஒரே தடவை வந்த மாடலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மறுவாரம் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.